அரைப் பீப்பாயில் நான்கு ஆண்டு விலாட் மாங்கன்று: வேரை வெட்டலாமா? காய்க்குமா?

கல்லடி_வாசி | 2023 செப்டெம்பர் 9

வணக்கம். 200 லீற்றர் நீலப் பீப்பாயைக் குறுக்கே அறுத்து எடுத்த பாதியில், 2019 ஒக்டோபரில் ஒரு விலாட் ஒட்டு மாங்கன்றை நட்டேன். எங்கள் வளவு முழுவதும் சீமெந்து போடப்பட்டிருப்பதால் நிலத்தில் நடுவதற்கு இடமில்லை. முதல் இரண்டு ஆண்டுகள் நன்றாகத் தளிர்த்தது. 2022 பெப்ரவரியில் ஒரே தடவை பூத்தது. ஆனால் பிஞ்சுகள் மிளகளவில் இருக்கும்போதே எல்லாம் உதிர்ந்துவிட்டன. அதன் பின்னர் பூக்கவே இல்லை.

இந்த ஆண்டு வந்த தளிர்கள் குட்டையாக இருக்கின்றன, இலைகளும் சிறுத்துவிட்டன. பழைய இலைகளின் நுனி தீயில் காட்டியதுபோல் பழுப்பாகிக் காய்ந்திருக்கிறது. மண் நாலு விரல்கடை கீழே இறங்கிவிட்டது. மாதம் ஒரு மேசைக்கரண்டி யூரியா போடுகிறேன், காலையும் மாலையும் கிணற்றுத் தண்ணீர் ஊற்றுகிறேன். வேரை வெட்டி மறுபடி நட வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். நன்றாக நிற்கும் மரத்தின் வேரில் கத்தி வைக்க மனம் வரவில்லை. வெட்டத்தான் வேண்டுமா, எப்போது வெட்டுவது, இந்தப் பீப்பாயில் உண்மையாகவே மாம்பழம் எதிர்பார்க்கலாமா என்பதைத் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

வயல்மண் | 2023 செப்டெம்பர் 9

வேரை வெட்டத் தேவையில்லை என்பது என் கருத்து. மண் இறங்கிவிட்டது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அப்படியென்றால் மரத்துக்கு மண் போதவில்லை. நாங்கள் சம்மாந்துறையில் வயல் களிமண்ணைக் கொண்டுவந்து சாடிகளை நிரப்புவோம். பூப்பதற்கு பக்லோபியூட்ரசோல் என்ற மருந்தை வேரடியில் ஊற்றுங்கள். அடுத்த மாரி முடிவதற்குள் பூக்கும். பெரிய தோட்டங்களில் அதைத்தான் செய்கிறார்கள்.

திருக்கோவில்_கரை | 2023 செப்டெம்பர் 10

என்னிடமும் மாங்கன்று இருக்கிறது. கறுத்தக்கொழும்பான் பழம் ஒன்றைச் சாப்பிட்டுவிட்டு அதன் கொட்டையைப் பூச்சு வாளியில் போட்டேன், இப்போது மூன்று ஆண்டுகள் ஆகிவிட்டன, என் உயரத்துக்கு வளர்ந்திருக்கிறது. இலைகள் நல்ல பச்சையாக இருக்கின்றன. அதற்கும் வேர் வெட்டினால் அடுத்த ஆண்டு காய்க்குமா?

செங்கலடியான் | 2023 செப்டெம்பர் 10

கல்லடித் தம்பிக்கு முதலில் பதில் எழுதுகிறேன். நான் விவசாயப் போதனாசிரியராக வேலை செய்து ஓய்வு பெற்றவன், வீட்டில் ஐந்து மாமரங்களைப் பீப்பாயில் வைத்திருக்கிறேன்.

நீங்கள் சொன்ன குறிகளில் இரண்டு வெவ்வேறு நோய்கள் கலந்திருக்கின்றன. தளிர் ஒவ்வொரு தடவையும் முன்னையதைவிடக் குட்டையாக வருவது வேர் நெருக்கத்தின் குறி. பழைய இலையின் நுனி காய்ந்து, காய்ந்த பகுதிக்கும் பச்சைப் பகுதிக்கும் இடையில் கோடு போட்டதுபோல் தெரிந்தால் அது பெரும்பாலும் உப்பின் குறி. கல்லடி ஒரு பக்கம் வாவியும் மறுபக்கம் கடலுமாகக் கிடக்கிற ஊர். அங்கே பல கிணறுகளின் தண்ணீர் கோடையில் சவர்த்தன்மையாகிவிடும். அந்தத் தண்ணீரைத் தினமும் ஊற்றும்போது தண்ணீரை மரம் குடிக்கிறது, உப்பு மண்ணில் தங்குகிறது. அதன் மேல் மாதந்தோறும் யூரியாவும் சேர்கிறது. நிலத்து மரத்தின் வேர் உப்பை விட்டு விலகி ஓடலாம், பீப்பாய் மரத்தின் வேருக்கு ஓட இடமில்லை.

ஆகவே கத்தியை எடுப்பதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். ஒரு நாள் காலையில் தண்ணீர் விடாமல், மாலையில் ஒரு வாளித் தண்ணீரை மெதுவாக மேலே ஊற்றி, கீழ்த் துளையில் எத்தனை விநாடியில் ஒழுகத் தொடங்குகிறது என்று எண்ணுங்கள். கால் மணி நேரம் கழித்து, தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி, விரலை முழுதாக மண்ணில் விட்டுப் பாருங்கள். என்ன கண்டீர்கள் என்று எழுதுங்கள்.

வயல்மண் சொன்னதில் பாதி சரி. மண் இறங்கியதற்குக் காரணம் கலவையில் இருந்த எரு உக்கிச் சுருங்கியதுதான், அதை நிரப்பத்தான் வேண்டும். ஆனால் வயல் களியைச் சாடிக்குள் போட்டால் முதல் கோடையிலேயே செங்கல்லாக இறுகி, சுவரோரத்தில் விரல் நுழையும் வெடிப்பு விடும். தண்ணீர் அந்த வெடிப்பு வழியாக இறங்கிவிடும், வேர் உலர்ந்தே கிடக்கும். பக்லோபியூட்ரசோல் தோட்டங்களில் பாவிக்கப்படுவது உண்மைதான். அது மண்ணில் நெடுங்காலம் நிற்கும் மருந்து. அதன் அளவை மரத்தின் பருமனைப் பார்த்து வகுப்பார்கள். 100 லீற்றர் மண்ணுக்குள் அடைபட்ட, ஏற்கெனவே வளர்ச்சி நின்றுபோன கன்றுக்கு அதைக் கொடுத்தால் தளிர் கோவாப்பூப்போலச் சுருண்டு அப்படியே நிற்கும். கையை எடுத்துவிடுங்கள்.

திருக்கோவில் அன்பருக்கு: உங்கள் கன்று கொட்டையில் முளைத்தது, வேரில் கை வைப்பதால் அதன் வயது மாறாது. நிலத்திலேயே ஆறேழு ஆண்டுகளும் அதற்கு மேலும் எடுக்கலாம். வாளியில் வைத்திருந்து காலத்தை வீணாக்காமல் நிலத்தில் நட்டுவிடுங்கள், அல்லது அதையே அடிக்கட்டையாக வைத்து, காய்க்கும் மரத்தின் குருத்தை ஒட்டிக் கொள்ளுங்கள்.

கல்லடி_வாசி | 2023 செப்டெம்பர் 12

ஐயா, சோதனை செய்து பார்த்தேன். ஒன்பது விநாடியில் கீழே ஒழுகத் தொடங்கிவிட்டது. ஒழுகிய தண்ணீர் பீப்பாயின் உட்சுவரோரமாக இறங்கியதைக் கண்ணால் கண்டேன். விரலை விட முயன்றேன், ஒரு அங்குலத்துக்கு மேல் போகவில்லை, உள்ளே மண்ணைவிட வேரே அதிகம், அதுவும் பொடிபோல் உலர்ந்திருந்தது. தினமும் இரண்டு வேளை ஊற்றிய தண்ணீர் எங்கே போனது என்பது இப்போதுதான் விளங்குகிறது. பீப்பாயின் உள்விளிம்பில் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளைப் படிவும் இருக்கிறது.

இன்னொரு விடயம் நினைவுக்கு வந்தது. 2021இல் இரசாயனப் பசளைக்குத் தடை வந்தபோது யூரியா கிடைக்கவில்லை, ஏறத்தாழ எட்டு மாதம் ஒன்றும் போடவில்லை. அதற்குப் பிறகு வந்த பெப்ரவரியில்தான் மரம் பூத்தது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா?

செங்கலடியான் | 2023 செப்டெம்பர் 12

தொடர்பு இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. மா பூப்பதற்கு அதன் கிளை நுனிகள் சில மாதங்கள் தளிர்க்காமல் ஓய்ந்து, இலை முற்றி, நொறுங்கும் பதத்துக்கு வர வேண்டும். அப்படி ஓய்ந்த நுனியில் மாரிக் கடைசியின் குளிரும் அதன் பின்வரும் வெயிலும் படும்போதுதான் மொட்டு பூவாகத் திரும்புகிறது. மாதந்தோறும் யூரியா கிடைக்கும் மரம் ஓய்வதில்லை, மார்கழியிலும் தளிர்விட்டுக்கொண்டிருக்கும். தளிர்த்த நுனி அந்த ஆண்டு பூக்காது. ஒரு மரத்தில் ஒரு தடவை நடந்ததை வைத்து அறுதியிட்டுச் சொல்ல முடியாது என்றாலும், நான் உங்கள் இடத்தில் இருந்தால் அந்தச் சம்பவத்தை மறக்கமாட்டேன்.

உங்கள் சோதனையின் முடிவு தெளிவாக இருக்கிறது: வேரை வெட்டத்தான் வேண்டும். இப்போதே வெட்ட வேண்டாம். கச்சான் காற்று இன்னும் முழுதாக ஓயவில்லை, அந்தக் காற்றில் வேர் குறைந்த மரம் ஒரு வாரத்தில் காய்ந்துவிடும். ஒக்டோபரில் முதல் மழை இரண்டு மூன்று விழுந்து, வானம் மூடிய ஒரு நாளில் செய்யுங்கள்.

முதல் நாள் மாலை நன்றாகத் தண்ணீர் விட்டு வேர்க்கட்டியை நனையுங்கள். கிளைகளில் உள்ளே பார்த்து வளர்ந்தவற்றையும் குறுக்கே உரசுபவற்றையும் எடுத்து, மொத்த இலையில் மூன்றில் ஒரு பங்கு குறைவதாகக் கத்தரியுங்கள். மறுநாள் பீப்பாயைச் சாக்கின் மேல் சரித்து உருட்டி, சுற்றிவரத் தட்டினால் கட்டி கழரும். மூன்று பேர் வேண்டும். தண்டைப் பிடித்து இழுக்காதீர்கள், ஒட்டு பிளந்துவிடும்.

வெளியே வந்த கட்டியின் அடியிலிருந்து நாலு விரல்கடை, சுற்றிவர மூன்று விரல்கடை, கூரான வாளால் பாணை வெட்டுவதுபோல் அறுத்து எடுங்கள். அறுத்த பின் சுவரைச் சுற்றி ஓடிய தடித்த வேர் எதுவும் மிஞ்சியிருக்கிறதா என்று பாருங்கள். அது எந்த இடத்தில் வெளிநோக்கிப் போவதை விட்டு வளையத் தொடங்குகிறதோ, அந்த இடத்தில் வெட்டுங்கள். வளைந்த வேரை அப்படியே வைத்தால், புதிய மண்ணிலும் அது மறுபடி சுற்றத்தான் செய்யும், ஒரு நாள் தண்டையே நெரிக்கும். மொத்த வேரில் கால்வாசிக்கு மேல் எடுக்க வேண்டாம். வேலை நடக்கும்போது கட்டியை ஈரச் சாக்கால் மூடி வையுங்கள், அரை மணி நேரத்துக்குள் முடியுங்கள்.

கலவைக்கு இரண்டு பங்கு செம்மண் அல்லது தோட்ட மேல்மண், ஒரு பங்கு நன்றாக உக்கிய மாட்டெரு, ஒரு பங்கு கரியாக்கிய உமி போதும். அம்பாறைப் பக்க அரிசி ஆலைகளில் உமிக்குக் குறைவில்லை. உமிக்கரி இலகுவில் உக்காது, அதனால் மண் மறுபடி இறங்குவது குறையும். ஒட்டுப்போட்ட இடம் மண்ணுக்கு மேல் ஒரு சாண் நிற்க வேண்டும். நட்ட பின் ஆறு வாரத்துக்கு எந்தப் பசளையும் வேண்டாம், வெட்டுவாய் ஆறாத வேரில் பசளை பட்டால் அது கருகும்.

சாய்ந்தமருது_மாடித்தோட்டம் | 2023 செப்டெம்பர் 13

ஐயா சொன்ன முறையில் எனக்கு ஒரு மறுப்பு உண்டு. ஒக்டோபரில் முழு வேரையும் வெட்டினால் நவம்பரில் மரம் தளிர்க்கும். அந்தத் தளிர் முற்றுவதற்குள் பூக்கும் காலம் போய்விடும், ஒரு ஆண்டுக் காய் இழப்பு. எங்கள் மாடியில் நான் ஜூலையில், பழம் பறித்த கையோடு, பாதிப் பக்கத்தை மாத்திரம் வெட்டுகிறேன். பீப்பாயின் ஓரத்தில் அரை வட்டமாக ஒரு கைப்பிடி அகலத்துக்கு மண்ணோடு வேரை வெட்டித் தோண்டி எடுத்து, புதிய கலவையை நிரப்புகிறேன். மரத்தை வெளியே எடுக்கவே தேவையில்லை. ஒரு மாதத்துக்கு நிழல் வலையும், காற்று வரும் பக்கத்தில் சாக்கு மறைப்பும் வைக்கிறேன். மறு பாதி அடுத்த ஆண்டு. ஆறு ஆண்டுகளில் ஒரு ஆண்டுதான் பூவைத் தவறவிட்டேன்.

செங்கலடியான் | 2023 செப்டெம்பர் 13

சகோதரி சொல்வது நல்ல முறை, ஒழுங்காகப் பராமரிக்கப்பட்ட மரத்துக்கு அதுவே மேல் என்றும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான்கு ஆண்டுகள் தொடாமல் விட்ட கட்டியில் தடித்த வேர் அடியில்தான் சுற்றிக் கிடக்கும், ஓரத்தில் தோண்டினால் அது கைக்கு எட்டாது. உப்பும் அடியில்தான் திரண்டிருக்கும். இந்த ஒரு தடவை வெளியே எடுத்துச் சீர்செய்துவிட்டு, அதன் பிறகு உங்கள் முறைக்கு மாறலாம். ஜூலை மாதத்தைப் பற்றி மட்டும் எனக்குத் தயக்கம் உண்டு. மறைப்பு வைக்க உங்களால் முடிகிறது, எல்லோராலும் முடிவதில்லை.

கல்லடி_வாசி | 2023 நவம்பர் 5

ஒக்டோபர் 14இல் செய்து முடித்தோம். அடியில் கட்டைவிரல் தடிப்பில் ஒரு வேர் பீப்பாயை இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது. கயிற்றைச் சுருட்டி வைத்ததுபோல் கிடந்தது, நீட்டினால் என்னைவிட நீளம். கட்டியின் நடுவே கன்று வந்த கறுப்புப் பொலித்தீன் பையின் ஒரு துண்டும் இருந்தது, நடும்போது அதை முழுதாகக் கிழித்தெடுக்கவில்லை என்று தெரிகிறது.

பத்தாம் நாள் இலைகள் சில பழுத்து, தொட்டவுடன் விழுந்தன. ஒரு கிளையில் மட்டும் இலைகள் பழுக்காமல் சாம்பல் பச்சையாக வாடி, இழுத்தாலும் கழராமல் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பயமாக இருக்கிறது.

செங்கலடியான் | 2023 நவம்பர் 5

தொட்டவுடன் விழுந்த இலைகளைப் பற்றிக் கவலை வேண்டாம். மரம் உயிரோடு இருந்து, தானே கழற்றிவிட்ட இலை அது. கழராமல் ஒட்டி நிற்கும் இலைதான் கெட்ட குறி, அந்தக் கிளை இலையைக் கழற்றுவதற்கு முன்பே செத்துவிட்டது. நகத்தால் பட்டையைச் சுரண்டிக்கொண்டே கீழே வாருங்கள், பச்சை தெரியும் இடத்துக்குச் சற்றுக் கீழே வெட்டிவிடுங்கள். மற்றக் கிளைகளின் நுனி மொட்டு பருத்திருக்கிறதா?

கல்லடி_வாசி | 2023 நவம்பர் 6

பருத்திருக்கிறது ஐயா. நாலைந்து நுனிகளில் செம்பு நிறம் தெரிகிறது. செத்த கிளையை வெட்டிவிட்டேன்.

கல்லடி_வாசி | 2024 மார்ச் 3

சகோதரி சொன்னபடியே நடந்தது, இந்த ஆண்டு பூக்கவில்லை. ஆனால் புதிய இலைகள் ஒரு சாணுக்கு மேல் நீளமாக இருக்கின்றன, பழைய இலைகள் அதில் பாதியும் இல்லை. மாரி மழை பீப்பாயை நன்றாகக் கழுவியதாலோ என்னவோ, புதிய இலைகளில் நுனிக் கருக்கல் இல்லை. இனிப் பசளையை எப்படி வைப்பது? வயலுக்குப் போடும் எம்ஓபி கொஞ்சம் வீட்டில் இருக்கிறது, பூப்பதற்குப் பொட்டாசியம் வேண்டும் என்கிறார்களே.

செங்கலடியான் | 2024 மார்ச் 4

எம்ஓபியை வயலுக்கே வைத்திருங்கள். அது பொட்டாசியம் குளோரைட்டு, உங்கள் கிணற்றுத் தண்ணீரில் இருக்கும் குளோரைட்டோடு அதுவும் சேர்ந்தால் இலை நுனி மறுபடி கருகும். பொட்டாசியம் சல்பேட்டு விலை கூடியதுதான், ஒரு மரத்துக்கு வேண்டிய அளவு சொற்பம்.

இப்போது முதல் ஜூலை வரை, ஆறு வாரத்துக்கு ஒரு தடவை, ஒரு மேசைக்கரண்டி கலப்புப் பசளையைத் தண்டிலிருந்து தள்ளிப் பீப்பாயின் ஓரத்தில் தூவி, மண்ணைக் கிளறித் தண்ணீர் விடுங்கள். ஜூன் மாதம் இரண்டு கை உக்கிய எருவை மேலே பரப்புங்கள். ஓகஸ்ட் பிறந்ததும் தழைச்சத்து உள்ள எதையும் நிறுத்திவிடுங்கள், எருவும் வேண்டாம். பூத்து, பிஞ்சு பட்டாணி அளவுக்கு வந்த பிறகு, பொட்டாசியம் சல்பேட்டை மூன்று வாரத்துக்கு ஒரு தடவை ஒரு தேக்கரண்டி, தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள். தினமும் இரண்டு தடவை கொஞ்சம் கொஞ்சமாக விடாமல், மேல் மண் ஒரு அங்குலம் உலர்ந்த பிறகு அடித்துளையால் ஒழுகும்வரை ஊற்றுங்கள். அந்த ஒழுக்குத்தான் உப்பை வெளியே கொண்டுபோகும்.

வயல்மண் | 2024 மார்ச் 4

சாம்பலும் பொட்டாசியம்தானே? நாங்கள் அடுப்புச் சாம்பல் போடுகிறோம், மரங்கள் நன்றாகத்தான் இருக்கின்றன.

செங்கலடியான் | 2024 மார்ச் 5

பொட்டாசியம்தான். ஆனால் அதோடு காரத்தன்மையும் வரும். நிலத்தில் மழை கழுவிவிடும், பீப்பாயில் தொடர்ந்து போட்டால் இரும்புச்சத்தை மரத்தால் எடுக்க முடியாமல், இளந்தளிர் வெளிறி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். ஆண்டுக்கு ஒரு கைப்பிடியோடு நிறுத்தினால் நான் தடுக்கமாட்டேன்.

கல்லடி_வாசி | 2025 ஜனவரி 26

பூத்திருக்கிறது! ஒன்பது கொத்துகள். நவம்பர் கடைசி வெள்ளத்தில் வளவில் முழங்காலுக்குத் தண்ணீர் நின்றது, பீப்பாயை நாலு கல் உயரத்தில் வைத்திருந்ததால் வேர் அழுகாமல் தப்பியது. எத்தனை காய் விடலாம்?

சாய்ந்தமருது_மாடித்தோட்டம் | 2025 ஜனவரி 26

வாழ்த்துகள். மரத்தின் இலையை எண்ணிப் பாருங்கள். ஒரு காய்க்கு ஐம்பது அறுபது முற்றிய இலையாவது இருக்க வேண்டும் என்பது என் கணக்கு. மரம் தானே பெரும்பகுதியை உதிர்த்துவிடும், எலுமிச்சை அளவுக்கு வந்த பிறகு மிஞ்சியதில் கணக்குக்கு மேலானதை நீங்கள் கிள்ளிவிடுங்கள். இரக்கப்பட்டு எல்லாவற்றையும் விட்டால் அடுத்த ஆண்டு ஒன்றும் இருக்காது.

கல்லடி_வாசி | 2025 ஜூன் 22

ஏறத்தாழ 400 இலைகள் இருந்தன. பதினொரு பிஞ்சுகள் எலுமிச்சை அளவுக்கு வந்தன, நான்கைக் கிள்ளினேன், ஒன்றை அணில் கொண்டுபோனது, ஆறு பழம் பறித்தோம். காம்படியில் தோள் உப்பி, மஞ்சள் இலேசாக ஏறியதும் பறித்து வைக்கோலில் வைத்தோம், ஐந்தாம் நாள் பழுத்தன. நார் குறைவு, நல்ல இனிப்பு. அம்மாவுக்குத்தான் முதல் பழம்.

இப்போது கேள்வி இதுதான். சகோதரியின் முறைப்படி இந்த ஜூலையிலேயே ஒரு பாதியை வெட்டுவதா, ஐயாவின் சொல்படி ஒக்டோபர் வரை பொறுப்பதா?

சாய்ந்தமருது_மாடித்தோட்டம் | 2025 ஜூன் 22

நிழல் வலை கட்ட முடியும் என்றால் ஜூலையில் வெட்டுங்கள். எங்கள் மாடியில் உங்கள் வளவைவிடக் காற்று அதிகம், அங்கேயே மரங்கள் தாங்குகின்றன.

செங்கலடியான் | 2025 ஜூன் 23

நான் இப்போதும் ஒக்டோபர் பக்கம்தான், ஆனால் சகோதரியின் ஆறு ஆண்டு அனுபவத்தைத் தள்ளிவிட என்னிடம் காரணம் இல்லை. மாதத்தை முடிவுசெய்வதற்கு முன் அந்த ஒரு வாளித் தண்ணீரை மறுபடி ஊற்றி எண்ணிப் பாருங்கள் தம்பி. முதலில் மேலே தேங்கி, மெதுவாக ஊறி, ஒரு நிமிடத்துக்கு மேல் சென்று ஒழுகினால் இந்த ஆண்டு வெட்டவே தேவையில்லை.

கல்லடி_வாசி | 2025 ஜூன் 23

எண்ணினேன். நாற்பது விநாடி. விரல் முழுதாக உள்ளே போகிறது, அடியில் ஈரமும் இருக்கிறது. வலை வாங்கி வைத்துவிட்டு, ஜூலையில் மேற்குப் பக்கத்துப் பாதியில் மட்டும் கை வைக்கிறேன்.